சீனியரின் அலுவலகத்தை விட்டு விலகுவது: ஜூனியர் வக்கீலுக்கு முன்னால் நான்கு வழிகள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை போன்ற கோர்ட் ஊர்களில் சீனியரை விட்டு விலகும் ஜூனியர், மறுநாள் காலை பத்தரை மணிக்கு அதே சீனியரை அதே வராந்தாவில் பார்த்தாக வேண்டும். அடுத்த இருபது, முப்பது வருஷத்துக்கும் அப்படித்தான். பார் அசோசியேஷனும் ஒன்று, நீதிபதியும் ஒருவர், கட்சிக்காரர்கள் வந்து இறங்கும் பஸ் ஸ்டாண்டும் ஒன்று. தொழில் கற்றுக்கொடுத்தவரே ஒரு கட்டத்தில் வழிவிடாமல் நிற்கும்போது என்ன செய்யலாம் என்பதை இந்த நெருக்கத்தை மனதில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். சிவில் பக்கத்தை, அதிலும் நில வழக்குகளை வைத்து எழுதுகிறேன். டெல்டாவில் பெரும்பாலான சிவில் அலுவலகங்களில் அடுப்பெரிவது பாகப்பிரிவினையிலும் குத்தகையிலும் வரப்புத் தகராறிலும்தான்.

ஓர் உதாரணத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம். ஜூனியர் ஒரு பெண். பாபநாசம் பக்கத்துக் கிராமம், குடும்பத்தில் முதல் வக்கீல். கும்பகோணத்தில் நல்ல பெயருள்ள ஒரு சிவில் சீனியரிடம் ஆறாவது வருஷம். பிராது எழுதுவது, எதிருரை எழுதுவது, இடைக்கால மனுக்கள், காலையில் வாய்தா பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. குமாஸ்தா லீவு போட்டால் பேட்டா கட்டுவதும் அவர்தான். ஆனால் இந்த ஆறு வருஷத்தில் ஒரு சாட்சியைக்கூட முழுதாகக் குறுக்கு விசாரணை செய்ததில்லை. தன் சொந்த ஊர்க்காரர் ஒருவர் அவரையே நம்பிக் கொண்டுவந்த வழக்கிலும், வக்காலத்தில் சீனியர் பெயர் முதலில், அவர் பெயர் மூன்றாவதாக. வாதம் சீனியருடையது. ஃபீஸ் பற்றி அவரிடம் பேச்சே இல்லை.

இது தடையா, பயிற்சியா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் மூன்று வருஷம் வாய்தாவும் வரைவுமாகவே போவது எல்லா நல்ல அலுவலகத்திலும் உண்டு. அதில் குறை சொல்ல எதுவுமில்லை. சந்தேகம் வந்தால் கோர்ட் டைரியை எடுத்துப் பாருங்கள். போன வருஷம் முழுக்கத் தள்ளிவைக்கச் சொல்லி எழுந்து நின்ற நாட்கள் எத்தனை, நீங்களே ஏதாவது பேசி உத்தரவு வாங்கிய நாட்கள் எத்தனை என்று எண்ணுங்கள். அதற்கு முந்தைய வருஷ டைரியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வளர்ச்சி நின்றுவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தபடியாக, குறிப்பான ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கும் வாய்ப்புக் கொடுங்க சார்" என்று பொதுவாகக் கேட்டால் பதிலும் பொதுவாகவே வரும். "அந்தப் புரோநோட்டு வழக்குல ரெண்டாவது சாட்சிய நான் கிராஸ் பண்றேன் சார், கேள்வியெல்லாம் எழுதிட்டு வந்து காட்டுறேன்" என்று கேளுங்கள். "அந்தச் சாட்சி பழம் தின்னு கொட்டை போட்டவன், அடுத்த வழக்குல எடுத்துக்க" என்றால் அவர் வழக்கைப் பற்றிப் பேசுகிறார். அடுத்த வழக்கில் கொடுக்கிறாரா என்று காத்திருக்கலாம். "உனக்கு இன்னும் பக்குவம் வரல" என்று மட்டும் சொல்லி, என்ன குறை, எப்போது சரியாகும் என்று எதுவும் சொல்லவில்லை என்றால், அதே பதில் இரண்டாவது, மூன்றாவது முறையும் வந்தால், அது தடைதான்.

நேற்றுவரை பிள்ளை மாதிரி நடத்தியவர் ஏன் இப்படி ஆகிறார்? பொறாமை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது சரியான பதிலாகப் படவில்லை. பாகப்பிரிவினை வழக்கு ஒன்று முதல்நிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை, நிறைவேற்று மனு என்று பத்துப் பதினைந்து வருஷம் ஓடும். தாத்தா காலத்தில் வந்த குடும்பம் பேரன் காலத்திலும் அதே அலுவலகத்துக்குத்தான் வரும். சீனியரின் சொத்து என்பது அந்தக் குடும்பங்கள்தான். புதுக் குடும்பங்கள் ஆண்டுக்குச் சிலதான் வரும். அந்தக் கட்சிக்காரர்களோடு தினமும் போனில் பேசுவதும், வாய்தா தேதி சொல்வதும், பட்டா நகலை வாங்கி வைப்பதும் ஜூனியர். ஒருநாள் அவர் சாட்சிக்கூண்டில் நிற்பவரை நன்றாக மடக்கிவிட்டால், பின்பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர் அதைப் பார்க்கிறார். சீனியர் அஞ்சுவது அந்தப் பார்வைக்குத்தான். அவருடைய பயத்துக்குப் பொருளாதாரக் காரணம் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் எந்த வழியில் விலகினால் கசப்பு அதிகம், எதில் குறைவு என்று முன்கூட்டியே கணக்கிடலாம். அவருடைய கட்சிக்காரர் வட்டத்துக்குள் நீங்கள் எவ்வளவு தூரம் நிற்கப்போகிறீர்களோ, அவ்வளவு கசப்பு.

முதல் வழி, விலகாமல் உள்ளேயே இருந்து தனி வக்காலத்து போடுவது. சீனியரின் வழக்குகளை வழக்கம்போலப் பார்த்துக்கொண்டு, உங்களைத் தேடி வருபவர்களின் வழக்குகளை உங்கள் பெயரில் மட்டும் தாக்கல் செய்வது. பல அலுவலகங்களில் இது நடக்கிறது, சீனியர் மனம்வைத்தால் நன்றாகவே நடக்கிறது. வாடகை இல்லை, புத்தகங்கள் இருக்கின்றன, சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கிறது. மாதம் வரும் தொகையும் நிற்காது. (2024இல் அகில இந்திய பார் கவுன்சில் ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, கிராமப் பகுதிகளில் 15,000 ரூபாய் கொடுக்கலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அது பரிந்துரை. கையில் எவ்வளவு வருகிறது என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும்.) இந்த வழியைக் கேட்டுப் பார்க்காமல் யாரும் வெளியேறக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் கேட்கும்போதே ஒரு கெடுவை உங்கள் மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தை மாதம் கேட்டால் மே மாதக் கோர்ட் விடுமுறை வரை பாருங்கள். அதற்குள் ஒரு தனி வக்காலத்தும் ஒரு குறுக்கு விசாரணையும் கிடைக்கவில்லை என்றால் இந்த வழி அடைபட்டது.

இரண்டாவது, அதே ஊரில் இன்னொரு சீனியரிடம் சேர்வது. பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். பாதுகாப்பாகவும் தெரியும். நான்கில் மோசமானது இதுதான் என்று நினைக்கிறேன். பழைய சீனியருக்கு இது விலகலாகத் தெரியாது, எதிரணிக்குப் போனதாகத்தான் தெரியும். மனத்தாங்கலை விடுங்கள், சட்டச் சிக்கலே இருக்கிறது. ஒரு வழக்கில் ஆலோசனை சொன்ன, பிராது எழுதிய, அல்லது ஒரு தரப்புக்காக நடத்திய வக்கீல், பிறகு எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்கிறது பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் 33ஆம் விதி. சின்ன ஊரில் இரண்டு பெரிய சிவில் அலுவலகங்கள் இருந்தால், பாதி நில வழக்குகளில் ஒன்று வாதித் தரப்பு, மற்றது பிரதிவாதித் தரப்பு. பழைய அலுவலகத்தில் எதிருரையை எழுதிய அதே கை, புதிய அலுவலகத்தில் அந்தக் கட்டைத் தொடவே முடியாது. புதிய சீனியருக்கும் உங்களால் பாதிப் பயன்தான். அதற்கு மேல், அவர் அந்தக் கட்டிலிருந்த விஷயங்களை உங்களிடம் நாசூக்காகக் கேட்க ஆரம்பித்தால், கட்சிக்காரர் சொன்ன ரகசியத்தைக் காக்கும் கடமையும் ஆட்டம் காணும்.

மூன்றாவது, தனியாக உட்காருவது. இதில் இரண்டு கிளை உண்டு. அதே ஊரிலா, பக்கத்துக் கோர்ட்டிலா? கும்பகோணத்திலேயே அறை எடுத்தால் நாலு பேருக்கு முகம் தெரியும், வழக்கும் சீக்கிரம் வரும். ஆனால் வருகிற முதல் பத்துப் பேரில் சிலராவது சீனியரின் பழைய கட்சிக்காரர்களாக இருப்பார்கள். நீங்கள் கூப்பிடவே இல்லை என்றாலும் "ஆளைக் கலைச்சுக்கிட்டுப் போயிட்டா" என்ற பேச்சு வராந்தாவில் ஓடும். நம் உதாரண ஜூனியருக்குப் பாபநாசம் முன்சீப் கோர்ட் பொருந்துகிறது. சொந்தக் கிராமம் அங்கே, உறவும் பழக்கமும் அங்கே. சீனியரின் வழக்குகள் அங்கே குறைவு. அங்கிருந்து மேல்முறையீடு கும்பகோணம் சப் கோர்ட்டுக்கு வரும் என்பதால் பழைய வராந்தாவும் முழுதாக விட்டுப்போகாது. முன்சீப் கோர்ட்டில் வழக்கு சின்னது, ஃபீஸும் சின்னது, ஆனால் சாட்சியை விசாரிப்பதும் வாதம் செய்வதும் முழுக்க உங்கள் கையில். ஆறு வருஷம் கிடைக்காதது அதுதானே?

முதல் வருஷ வருமானம் ஒழுங்காக இருக்காது. அறை வாடகை, குமாஸ்தா சம்பளம், வீட்டுச் செலவு இவற்றில் ஆறு மாதத்துக்கானதைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. தனிக் குமாஸ்தாவை முதல் வருஷம் தவிர்க்கலாம், இன்னொரு இளம் வக்கீலோடு பகிர்ந்துகொள்ளலாம். வட்டச் சட்டப் பணிகள் குழுவின் இலவசச் சட்ட உதவி வக்கீல் பட்டியலில் சேர விண்ணப்பியுங்கள். மூன்று வருஷத் தொழில் அனுபவம் இருந்தால் போதும். அதில் வரும் தொகை பெரிதல்ல. ஆனால் ஜீவனாம்சம், சின்னச் சொத்துத் தகராறு, ஏழைகளின் வழக்குகள் நேரடியாக உங்கள் பெயரில் வரும். யார் ஆளையும் கலைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

நான்காவது, உயர் நீதிமன்றத்துக்குப் போவது. டெல்டாக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. 2004இல் மதுரைக் கிளை வந்தபோது தஞ்சாவூர் மாவட்டம் மதுரையோடு போனது. நாகப்பட்டினம், திருவாரூர் பகுதிகளும் இப்போதைய மயிலாடுதுறை மாவட்டமும் சென்னையிலேயே நின்றன. கும்பகோணத்திலிருந்து இரண்டாம் மேல்முறையீடு மதுரைக்கு. அரை மணி, முக்கால் மணிப் பயணத்தில் இருக்கும் மயிலாடுதுறையிலிருந்து சென்னைக்கு. எந்த ஊர் வக்கீல்கள் உங்களை அறிவார்கள் என்பதைப் பொறுத்து மதுரையா சென்னையா என்று முடிவெடுக்க வேண்டும். இந்த வழியில் மறுபடி ஒருவரிடம் ஜூனியராகத்தான் தொடங்க வேண்டும், சாட்சி விசாரணை அனுபவம் கிடைக்காது, நகர வாடகை வேறு. ஆனால் உறவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. மதுரையில் உட்கார்ந்திருக்கும் பழைய ஜூனியர் சீனியருக்குப் போட்டி இல்லை. தன் மேல்முறையீடுகளையும் சீராய்வு மனுக்களையும் நம்பி அனுப்ப அவருக்கு ஒரு ஆள். நேற்றுவரை தடுத்தவரே கட்டு அனுப்புவார். குடும்பத்தை விட்டு நகர முடிகிறவர்கள், எழுத்து வேலையில் பலமானவர்கள் இதை முதலில் யோசிக்கலாம். நம் உதாரண ஜூனியருக்கு ஆசை சாட்சிக்கூண்டின் முன்னால் நிற்பதில். அவருக்கு நான் பாபநாசத்தைத்தான் சொல்வேன்.

எந்த வழியானாலும் எப்போது சொல்வது என்பது முக்கியம். ஜூன் 12 மேட்டூர் திறப்பு வழக்கமான நாள். தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கினால் வரப்பு, வாய்க்கால், சுவாதீனத் தகராறுகளில் தடையுத்தரவு மனுக்கள் குவியும். தை அறுவடையில் நிற்கும் பயிரை யார் அறுப்பது என்று மறுபடி ஒரு கூட்டம் வரும். இந்த இரண்டு காலத்திலும் ஜூனியர் விலகினால் அலுவலகம் திணறும். அந்தக் கோபம் நியாயமானது. மே விடுமுறை தொடங்கும் வாரத்தில் சொல்லுங்கள். வாய்தா இல்லாத ஒரு மாதத்தில் அவர் இன்னொரு ஜூனியரைத் தேடிக்கொள்ளலாம், நீங்கள் கட்டுகளை ஒப்படைக்கலாம்.

முதலில் சொல்ல வேண்டியது அவரிடம். குமாஸ்தாவிடம் அல்ல, பார் ரூமில் நண்பரிடமும் அல்ல. குமாஸ்தா வாயிலாக அவர் காதுக்குப் போனால், பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது. சாயங்காலம் கட்சிக்காரர்கள் போன பிறகு உட்கார்ந்து பேசுங்கள். ஆறு வருஷக் கணக்கைப் பிரித்து வைக்காதீர்கள். "நீங்க எனக்கு ஒரு கிராஸ்கூடக் கொடுக்கல" என்று ஆரம்பித்தால் அது வழக்காக மாறும், அவர் உங்களைவிட நன்றாக வாதாடுவார். இப்படிச் சொல்லலாம்:

"சார், ஆறு வருஷமா உங்ககிட்டதான் தொழில் கத்துக்கிட்டேன். ஜூன்லேருந்து பாபநாசத்துல தனியா உட்கார்ந்து பார்க்கலாம்னு இருக்கேன். நம்ம ஆபீஸ் கட்டு எதையும் நான் எடுத்துட்டுப் போகல. எங்கிட்ட இருக்கிற கட்டுக்கெல்லாம் லிஸ்ட் போட்டுக் கொண்டாந்திருக்கேன். ஜூன் மாசம் எந்த வாய்தாவுக்கு நான் நிக்கணும்னு சொல்லுங்க, வந்து நின்னுடுறேன்."

அவர் கோபப்படலாம், சம்பளத்தை ஏற்றுகிறேன் என்று சொல்லலாம், கண்கலங்கவும் செய்யலாம். ஏற்கெனவே கெடு வைத்துப் பார்த்துவிட்டு வந்தவர் அந்த இடத்தில் புதிதாக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். "யோசிச்சுத்தான் சார் முடிவு பண்ணேன்" என்பது போதும்.

அந்த லிஸ்ட்தான் முழு விஷயத்திலும் கனமானது. ஒவ்வொரு வழக்குக்கும் எண், கோர்ட், அடுத்த வாய்தா, எந்தக் கட்டத்தில் நிற்கிறது, என்ன பாக்கி என்று எழுத வேண்டும். பேட்டா கட்டவில்லையா, எதிருரை தாக்கல் நாள் நெருங்குகிறதா, சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டு வாங்காமல் இருக்கிறதா என்பதெல்லாம் வர வேண்டும். அசல் பத்திரங்கள் உங்கள் மேசையில் இருந்தால் தனியாக எழுதி, குமாஸ்தாவிடம் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். பத்து வருஷம் கழித்து ஒரு மூலப்பத்திரத்தைக் காணோம் என்றால் முதலில் உங்கள் பெயர்தான் வரும். கட்சிக்காரர் உங்களிடம் கொடுத்த செலவுத் தொகை ஏதேனும் இருந்தால் அதற்கும் கணக்கு எழுதுங்கள்.

இன்று கூடுதலாக ஒன்று. பல அலுவலகங்களில் மின்-தாக்கலை ஜூனியரின் கணக்கிலிருந்துதான் செய்கிறார்கள். அவர் போனுக்குத்தான் ஓடிபி வரும், குறை காட்டித் திரும்பிய மனுவின் தகவலும் அவர் கணக்கில்தான் நிற்கும். நீங்கள் போய்விட்டால், திரும்பிய மனு ஒன்று கிடப்பதே சீனியருக்குத் தெரியாமல் காலக்கெடு கடந்துபோகும். எந்தெந்தத் தாக்கல் உங்கள் கணக்கில் இருக்கிறது என்று அதே லிஸ்டில் எழுதி, நிலுவையில் இருப்பவை எண்ணாகும் வரை நீங்களே கவனித்துச் சொல்லுங்கள். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அது உங்கள் பதிவு எண்ணோடு கட்டுண்டது.

கூட்டு வக்காலத்தில் உங்கள் பெயர் இருக்கும் வழக்குகளையும் விட்டுவிடக் கூடாது. அலுவலகத்தை விட்டு நடந்து வந்ததால் வக்காலத்து தானாக முடிவதில்லை. சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 3, ரூல் 4இன்படி, எழுத்து மூலம், கோர்ட்டின் அனுமதியோடுதான் அது முடியும். சீனியர் பெயரும் அதே வக்காலத்தில் இருப்பதால் கட்சிக்காரருக்கு உடனே பாதிப்பு இல்லை. எந்தெந்த வழக்கில் உங்கள் பெயரை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று அவரிடமே கேட்டு, வழக்கின் அடுத்த கட்டம் தொடங்குமுன் மனுக் கொடுத்து முடித்துவிடலாம்.

பிறகு, தேடி வரும் கட்சிக்காரர்கள். "நீங்கதாம்மா எல்லாம் பார்த்தீங்க, உங்ககிட்டயே கொடுத்துடுறோம்" என்று யாராவது நிச்சயம் வருவார்கள். வக்கீலை மாற்றும் உரிமை கட்சிக்காரருக்கு முழுதாக உண்டு. ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்டைப் பிடித்துவைக்க எந்த வக்கீலுக்கும் உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டே சொல்லிவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே ஒருவர் வக்காலத்து உள்ள வழக்கில் அவர் சம்மதம் இல்லாமல் ஆஜராகக் கூடாது என்கிறது 39ஆம் விதி. வழக்கமாகப் புது வக்காலத்திலேயே "ஆட்சேபணை இல்லை" என்று பழைய வக்கீல் எழுதிக் கையெழுத்துப் போடுவார். அவர் மறுத்தால் காரணம் சொல்லி மனுப் போட்டு, கோர்ட் அனுமதியோடு ஆஜராகலாம். சட்டப்படி வழி இருக்கிறது. ஆனால் முதல் வருஷத்தில் அந்த வழியில் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். "சார்கிட்ட நேர்ல பேசி, பாக்கி இருந்தா முடிச்சு, அவர்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்று அனுப்புங்கள். வாங்கி வந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். வராதவர்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது, அது ஆள் பிடிக்கும் வேலை, 36ஆம் விதி தடுக்கிறது. புது அறை திறப்புக்குக்கூடப் பழைய அலுவலகக் கட்சிக்காரர்களுக்குப் பத்திரிகை அனுப்பாமல் இருப்பது நல்லது. சீனியருக்கு அனுப்புங்கள், முதல் பத்திரிகையே அவருக்கு இருக்கட்டும். வந்தாலும் வராவிட்டாலும்.

நீங்கள் வேலை செய்த குடும்பங்களின் பெயர்களைத் தனி நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது வழக்கு வரும்போது எதிர்த்தரப்புப் பெயரை முதலில் கேட்டு, அந்த நோட்டைப் பார்த்த பிறகே வக்காலத்தில் கையெழுத்துப் போடுங்கள். கிராமத்தில் ஒரே பங்காளிகளுக்குள் மூன்று வழக்கு நடக்கும் ஊர்கள் இவை. மறந்துபோய் 33ஆம் விதியில் மாட்டிக்கொள்வது எளிது.

மூன்று வருஷம் ஆகாத ஜூனியர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவர்கள் தனியாக உட்காருவது கட்சிக்காரருக்குத்தான் ஆபத்து. அவர்களுக்கு மோசமான இரண்டாவது வழிகூடச் சரியாக இருக்கலாம், ஆனால் வேறு ஊர் சீனியராகப் பார்த்துச் சேர வேண்டும். சிவில் நீதிபதித் தேர்வை நினைத்துக்கொண்டு, சீனியர் சான்றிதழ் தரமாட்டாரோ என்று பயந்து தங்கிக் கிடப்பவர்களும் இருக்கிறார்கள். குறைந்தது மூன்று வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொன்ன தீர்ப்பிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. சான்று கொடுக்க வேண்டியவர் உங்கள் சீனியர்தான் என்று அதில் இல்லை. அந்தக் கோர்ட்டின் முதன்மை நீதித்துறை அதிகாரி கொடுக்கலாம். அல்லது அந்தக் கோர்ட்டின் பத்து வருஷ அனுபவமுள்ள எந்த வக்கீலும் கொடுத்து, அதில் அந்த அதிகாரி மேலொப்பம் இடலாம். தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே வருஷக் கணக்கு ஓடுகிறது. டைரியையும், நீங்கள் ஆஜரான உத்தரவுகளின் நகல்களையும் இப்போதிருந்தே வருஷவாரியாகக் கட்டி வைத்தால் போதும்.